வங்கி எஸ்எம்எஸ் ஸ்கிரீன்ஷாட்: எது அசல், எது பிஷிங்? கண்ணில் படும் தடயங்களை எப்படிப் படிப்பது

"இது உண்மையா பாருங்கள்" என்ற ஒரு வரியோடு குடும்பக் குழுவில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்து விழுகிறது. வங்கியின் பெயர், கார்டு முடக்கப்படும் என்ற எச்சரிக்கை, கீழே ஒரு லிங்க். ஒருவர் "எழுத்துப் பிழையே இல்லை, அசல்தான்" என்கிறார். இன்னொருவர் "வங்கியின் பெயரில்தானே வந்திருக்கிறது" என்கிறார். இரண்டுமே தவறான அளவுகோல்கள். எதைப் பார்க்க வேண்டும், அது எந்த அளவுக்குச் சொல்லும், எங்கே சொல்லாமல் நின்றுவிடும் என்பதை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டில் தெரியும் தடயங்கள் ஒரு செய்தியைப் போலி என்று நிரூபிக்க உதவும். அசல் என்று நிரூபிக்க உதவாது. ஆகவே ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து எடுக்கக்கூடிய முடிவுகள் இரண்டுதான்: "இது போலி", அல்லது "இதை வைத்துச் சொல்ல முடியாது". ஏன் இப்படி என்பது போகப் போகப் புரியும்.

## மூன்று செய்திகள்

விளக்கத்துக்காக ஒரு கற்பனை வங்கியை வைத்துக்கொள்வோம். அதன் உண்மையான இணைய முகவரி `nambank.example`. (`.example`, `.test` என்று முடியும் முகவரிகள் விளக்கத்துக்கும் சோதனைக்கும் என்றே ஒதுக்கப்பட்டவை. நிஜத் தளம் எதற்கும் தரப்படுவதில்லை.) ஒரு வாடிக்கையாளருக்கு மூன்று செய்திகள் வருகின்றன. மூன்றிலும் மேலே அனுப்புநர் பெயர் `NAMBANK`.

முதல் செய்தி:

> அன்புள்ள வாடிக்கையாளரே, 4000-இல் தொடங்கும் உங்கள் கார்டு இன்று இரவு முடக்கப்படும். தொடர்ந்து பயன்படுத்த விவரங்களை உடனே சரிபார்க்கவும்: https://nambank.example.verify-login.test/a7

இரண்டாம் செய்தி:

> 7316-இல் முடியும் உங்கள் கார்டில் 12-03 அன்று 19:42-க்கு 4,850 செலவிடப்பட்டது. இது நீங்கள் செய்ததல்ல என்றால் கார்டின் பின்புறமுள்ள எண்ணை அழைக்கவும்.

மூன்றாம் செய்தி:

> புதிய சாதனத்தில் உங்கள் கணக்கை இணைப்பதற்கான ஓடிபி 583204. இதை யாரிடமும் பகிர வேண்டாம்.

முதலாவது போலி. மற்ற இரண்டும் வங்கி அனுப்பியவை. ஆனால் மூன்றில் அதிக ஆபத்தான நேரத்தில் வந்தது மூன்றாவதுதான். அதற்குக் கடைசியில் வருவோம்.

## மேலே தெரியும் பெயர் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது?

வங்கி எஸ்எம்எஸ்களில் அனுப்புநர் இடத்தில் பெரும்பாலும் எண் இருக்காது, எழுத்துகளாலான ஒரு பெயர் இருக்கும். அதிகபட்சம் 11 எழுத்து. இந்தப் பெயர் எங்கிருந்து வருகிறது? செய்தியை அனுப்புபவரே அதை இடுகிறார். தபால் உறையின் மேல் அனுப்புநர் முகவரியை எவரும் எழுதலாம் அல்லவா, அதே போலத்தான். இடையில் இருக்கும் தொலைத்தொடர்பு நிறுவனம் அந்தப் பெயரைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுத் தடுத்தால் மட்டுமே போலிப் பெயர் நிற்கும். சில நாடுகளில் அந்தப் பதிவேடு கட்டாயம், சில நாடுகளில் இல்லை. தவிர, கையில் எடுத்துச் செல்லக்கூடிய போலி செல்கோபுரக் கருவிகளும் இருக்கின்றன. அவை அக்கம்பக்கத்து போன்களைத் தம்மோடு இணையவைத்து நேரடியாக எஸ்எம்எஸ் தள்ளும். செய்தி தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வழியாகவே போகாததால் அங்கே எந்தப் பதிவேடும் குறுக்கே வராது.

அப்புறம், போன் செய்திகளை எப்படி அடுக்குகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அனுப்புநர் பெயர் ஒன்றாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே உரையாடலில் சேர்த்துவிடும். வங்கியின் பழைய உண்மையான ஓடிபிகளுக்குக் கீழேயே போலிச் செய்தியும் போய் உட்காரும். "அதே இடத்தில்தானே வந்திருக்கிறது" என்று பலர் நம்புவது இதனால்தான்.

இது வெறும் சாத்தியக்கூறு அல்ல. 2021 டிசம்பரில் சிங்கப்பூரின் ஓசிபிசி வங்கி வாடிக்கையாளர்களுக்கு இப்படித்தான் நடந்தது. வங்கியின் உண்மையான செய்திகள் வரும் அதே உரையாடலில் போலிச் செய்திகள் வந்தன. ஏறத்தாழ 790 பேர் மொத்தம் 1.37 கோடி சிங்கப்பூர் டாலரை இழந்தார்கள். அதன் பிறகு 2022 ஜனவரியில் அங்குள்ள வங்கிகள் தனிநபர் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் எஸ்எம்எஸ், மின்னஞ்சல்களிலிருந்து லிங்க்குகளை நீக்க வேண்டும் என்று முடிவானது. 2023 ஜனவரி இறுதியிலிருந்து பதிவு செய்யாத பெயரில் வரும் செய்திகள் `Likely-SCAM` என்ற தலைப்பில் காட்டப்படுகின்றன.

ஆக, வங்கியின் பெயர் இருப்பது எதையும் நிரூபிக்காது. பெயர் இல்லாமல் போவது நிரூபிக்கும். ஸ்கிரீன்ஷாட்டின் மேற்பகுதியில் இவற்றில் ஒன்று தெரிந்தால் செய்தியைப் போலி என்றே எடுத்துக்கொள்ளலாம்:

1. அனுப்புநர் இடத்தில் சாதாரண மொபைல் எண், அதிலும் வெளிநாட்டுக் குறியீட்டோடு.
2. அனுப்புநர் இடத்தில் மின்னஞ்சல் முகவரி. இது பெரும்பாலும் எஸ்எம்எஸ் வழியில் வராமல் இணையம் வழியாக வரும் செய்தி. ஐபோன் ஸ்கிரீன்ஷாட் என்றால், தட்டச்சு செய்யும் பெட்டியில் `iMessage` என்று எழுதியிருப்பதும் இதைக் காட்டிக்கொடுக்கும்.
3. "Y என்று பதில் அனுப்பிவிட்டு, செய்தியை மூடித் திறந்தால் லிங்க் வேலை செய்யும்" என்ற குறிப்பு. தெரியாதவரிடமிருந்து வரும் லிங்க்கை ஐபோன் செயலிழக்கச் செய்துவைக்கும், பதில் அனுப்பினால் அந்தத் தடை விலகும். அந்தப் பூட்டை உங்கள் கையாலேயே திறக்கவைக்கத்தான் இந்த வரி. எந்த வங்கியும் இப்படி எழுதத் தேவையில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஸ்கிரீன்ஷாட் அனுப்பியவர் ஏதோ ஓர் எண்ணைத் தன் போனில் "பேங்க்" என்று சேமித்து வைத்திருந்தால், மேலே அந்தப் பெயர்தான் தெரியும், எண் தெரியாது. மேற்பகுதியை வெட்டிவிட்டு அனுப்பியிருந்தால் இதுவும் தெரியாது. எனவே முழுப் படத்தையும், அந்தப் பெயரைத் தொட்டால் வரும் விவரப் பக்கத்தையும் கேட்டு வாங்குவது நல்லது.

## லிங்க்கைப் படிக்கும் முறை

எஸ்எம்எஸ்ஸில் நமக்குச் சாதகமான ஒரு விஷயம் உண்டு. மின்னஞ்சலில் "இங்கே சொடுக்கவும்" என்ற சொல்லுக்குப் பின்னால் எந்த முகவரியையும் ஒளித்துவைக்கலாம். சாதாரண எஸ்எம்எஸ்ஸில் அது முடியாது. முகவரி எழுத்தெழுத்தாக வெளியே தெரிந்தே ஆக வேண்டும். மோசடி செய்பவர் அதை மறைக்க முடியாததால் நம் கண்ணை ஏமாற்றப் பார்க்கிறார். அவருடைய உத்தி எல்லாமே ஒரு பழக்கத்தை நம்பியிருக்கிறது: நாம் இடமிருந்து வலமாகப் படிப்போம், தெரிந்த பெயர் கண்ணில் பட்டதும் நிறுத்திவிடுவோம்.

முதல் செய்தியின் லிங்க்கை எடுத்துக்கொள்வோம்:

```
https://nambank.example.verify-login.test/a7
```

வங்கியின் முழு முகவரி அப்படியே இருக்கிறது, ஒரு எழுத்து பிசகவில்லை. ஆனால் இந்தத் தளம் வங்கிக்குச் சொந்தமானதல்ல. அதைக் கண்டுபிடிக்கும் வழி இதுதான்:

1. `https://` என்பதை விட்டுவிட்டு, அதன் பிறகு வரும் முதல் `/` எங்கே என்று பாருங்கள். அதிலிருந்து வலப்பக்கம் உள்ளதை எல்லாம் மறைத்துவிடுங்கள். இங்கே `/a7` போய்விடும். (`/` இல்லாமல் `?` அல்லது `#` முதலில் வந்தால் அங்கேயே வெட்டலாம்.)
2. மிச்சத்தில் `@` குறி இருந்தால் அதற்கு இடப்பக்கம் உள்ளதையும் மறைத்துவிடுங்கள். `https://nambank.example@verify-login.test` என்று இருந்தால் பிரவுசர் போவது `@`-க்குப் பின்னால் உள்ள இடத்துக்கு. முன்னால் இருப்பது வெறும் அலங்காரம்.
3. இப்போது வலது ஓரத்திலிருந்து இடப்பக்கமாகப் புள்ளிக்குப் புள்ளி படியுங்கள். கடைசி இரண்டு துண்டுகள்தான் சொந்தக்காரர். இங்கே அது `verify-login.test`. அதற்கு இடப்பக்கம் என்ன எழுதுவது என்பது அந்தச் சொந்தக்காரரின் விருப்பம். யாருடைய பெயரை வேண்டுமானாலும் எழுதிக்கொள்வார்.

சில நாடுகளில் முகவரி `.co.uk` போல இரட்டை முடிவோடு வரும். அங்கே கடைசி மூன்று துண்டுகளைப் பார்க்க வேண்டும்.

புள்ளிக்கும் இணைப்புக்கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் இங்கே முக்கியம். `login.nambank.example` என்றால் வங்கிக்கு உள்ளே ஒரு பகுதி. `login-nambank.example` என்றால் அது முழுக்க வேறொரு தளம். இணைப்புக்கோடு எதையும் பிரிக்காது, அதுவும் பெயரின் ஓர் எழுத்து மாதிரிதான். யாரும் பதிவு செய்துகொள்ளலாம்.

ஸ்கிரீன்ஷாட்டில் மட்டுமே வரும் ஒரு சிக்கலும் உண்டு. போன் திரை குறுகலானது, நீளமான முகவரி இரண்டு வரியாக மடங்கும். மடங்கும் இடத்தைப் பாருங்கள்:

```
https://nambank.example.
verify-login.test/a7
```

முதல் வரியில் வங்கியின் பெயர் முழுமையாக, தனியாக நிற்கிறது. அடுத்த வரி ஏதோ உள்பக்கத்தின் பெயர் போலத் தோன்றுகிறது. முதல் வரியின் கடைசியில் உள்ள புள்ளியைக் கவனிக்கத் தவறினால் முடிந்தது. முகவரி மடங்கியிருந்தால் ஒரு தாளில் ஒரே வரியாக எழுதிப் பார்த்துவிட்டு மேலே சொன்ன மூன்று படிகளைச் செய்யுங்கள். பிரவுசரில் தட்டச்சு செய்து பார்க்க வேண்டாம்.

எழுத்துருவமும் ஏமாற்றும். `rn` இரண்டும் நெருங்கி நின்றால் `m` போல இருக்கும். பெரிய எழுத்து `I`-யும் சிறிய எழுத்து `l`-உம் பல போன்களில் ஒரே கோடுதான். வேற்று மொழி எழுத்துகளில் லத்தீன் எழுத்தைப் போலவே தோன்றுபவையும் உண்டு. அப்படிப்பட்ட முகவரி சில இடங்களில் `xn--` என்ற தொடக்கத்தோடு காட்டப்படும். அது வங்கி முகவரியில் தெரிந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். மங்கலான ஸ்கிரீன்ஷாட்டில் இந்த வித்தியாசங்களைக் கண்ணால் பிடிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். முகவரி சரியாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் "அசல்" என்று சொல்லக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

சுருக்கப்பட்ட லிங்க் என்றால் படிக்கவே ஒன்றும் இல்லை. அது எங்கே போகும் என்று படம் சொல்லாது. சில வங்கிகளே சுருக்கிய லிங்க்குகளையும் வேறு நிறுவனங்களின் முகவரிகளையும் தங்கள் செய்திகளில் போடுவதால் இதை வைத்துப் போலி என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இப்படிச் செய்யும் வங்கிகள் வாடிக்கையாளர்களுக்குத் தவறான பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கின்றன. இது திருத்தப்பட வேண்டிய குறை.

## செய்தி என்ன சொல்கிறது, என்ன கேட்கிறது

லிங்க்கே இல்லாத போலிகளும் உண்டு. அவற்றில் ஒரு போன் எண் மட்டும் இருக்கும். அப்போது உள்ளடக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். இலக்கணப் பிழையைத் தேடுவதில் பயனில்லை. இன்று பல போலிச் செய்திகள் பிழையின்றி வருகின்றன, வங்கிகளின் சொந்தச் செய்திகளிலும் பிழைகள் இருக்கக்கூடும்.

இதைவிட உறுதியான வித்தியாசம், செய்தி எந்தக் காலத்தைப் பேசுகிறது என்பது. உண்மையான எச்சரிக்கை பெரும்பாலும் நடந்து முடிந்ததைச் சொல்லும்: இந்தக் கார்டில், இந்த நேரத்தில், இவ்வளவு. உங்கள் கணக்குப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய தகவல்கள் அதில் இருக்கும். உங்களிடம் பெரும்பாலும் எதையும் கேட்காது. போலி, இனி நடக்கப்போவதைச் சொல்லி மிரட்டும்: முடக்கப்படும், ரத்தாகும், இன்று இரவுக்குள். ஒப்பிட்டுப் பார்க்க அதில் ஒன்றும் இருக்காது. காரணம் எளிது. லட்சக்கணக்கானவர்களுக்கு ஒரே வாசகத்தை அனுப்புபவருக்கு உங்கள் கணக்கில் என்ன நடந்தது என்று தெரியாது.

அந்த வெறுமையை மறைக்க ஒரு தந்திரம் உண்டு. முதல் செய்தியில் "4000-இல் தொடங்கும் உங்கள் கார்டு" என்று இருந்தது. உங்கள் கார்டும் அப்படித்தான் தொடங்கும், உடனே நம்பத் தோன்றும். ஆனால் கார்டு எண்ணின் முதல் 6 அல்லது 8 இலக்கங்கள் கார்டை வழங்கிய வங்கியையும் கார்டு வகையையும் குறிப்பவை. அதே வகைக் கார்டு வைத்திருக்கும் எல்லாருக்கும் அவை ஒன்றுதான். வாடிக்கையாளரைத் தனியாகக் காட்டுவது பின்பகுதி. அதனால்தான் வங்கிகள் கடைசி நான்கு இலக்கங்களைக் குறிப்பிடுகின்றன. தொடக்க இலக்கங்களைச் சொல்லி "உங்கள் கார்டு" என்று பேசும் செய்தி, உங்களைத் தெரியாமலேயே தெரிந்ததுபோலக் காட்டிக்கொள்கிறது.

இதற்கும் எல்லை உண்டு. ஏதோ ஒரு கடையிலிருந்தோ செயலியிலிருந்தோ தரவு கசிந்திருந்தால் பெயரும் கடைசி நான்கு இலக்கங்களும்கூட மோசடிக்காரர் கையில் இருக்கலாம். கடைசி இலக்கங்கள் சரியாக இருப்பது நல்ல அறிகுறிதான், சான்று அல்ல. அதேபோல, "உங்கள் கார்டில் 4,850 செலவிடப்பட்டது, நீங்கள் இல்லையென்றால் இந்த எண்ணை அழைக்கவும்" என்று அசல் எச்சரிக்கையின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, கீழே தன் எண்ணைப் போடும் போலிகள் வருகின்றன. இரண்டாம் செய்தி, கார்டின் பின்புறமுள்ள எண்ணை அழைக்கச் சொன்னதைப் பாருங்கள். அந்த எண் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. செய்தியே எண்ணைத் தந்தால், அதைச் சரிபார்க்காமல் அழைக்கக் கூடாது.

## மூன்றாம் செய்தி: அசலாக இருந்தும் ஆபத்து

வாடிக்கையாளர் முதல் செய்தியின் லிங்க்கைத் தொட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வங்கியின் பக்கம் போலவே ஒன்று திறக்கிறது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இடுகிறார். மறுமுனையில் இருப்பவர் அதே நொடியில் அவற்றை உண்மையான வங்கித் தளத்தில் இடுகிறார். வங்கி வழக்கம்போல ஓடிபி அனுப்புகிறது. அது முழுக்க அசல் செய்தி. பெயர் சரி, உரையாடல் சரி, ஓடிபி சரி. போலிப் பக்கமும் "உங்கள் போனுக்கு ஓடிபி வந்திருக்கும், அதை இடுங்கள்" என்கிறது. சொன்னபடி வந்துவிட்டதால் போலிப் பக்கத்தின் மேல் இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விடுகிறது.

இங்கே காப்பாற்றக்கூடியது ஒன்றுதான்: ஓடிபிக்கு முன்னால் உள்ள சொற்கள். "புதிய சாதனத்தில் உங்கள் கணக்கை இணைப்பதற்கான" என்று வங்கி தெளிவாக எழுதியிருக்கிறது. கார்டு விவரத்தைச் சரிபார்க்கப் போனவருக்கு எதற்குப் புதிய சாதனம்? ஆனால் பலர் எண்ணை மட்டுமே படிக்கிறார்கள். போனின் அறிவிப்பிலும் எண்தான் எடுப்பாகத் தெரிகிறது. அதைத் தானாக நிரப்பும் வசதியும் இருக்கிறது.

எனவே ஓடிபி ஸ்கிரீன்ஷாட் ஒன்று உங்களிடம் வந்து "இது அசலா?" என்று கேட்கப்பட்டால், கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "இதில் எழுதியிருக்கும் காரியத்தை நீங்கள் இப்போது செய்துகொண்டிருந்தீர்களா?" இல்லை என்றால், செய்தி அசலாக இருப்பதுதான் அவசரம். அவருடைய கடவுச்சொல் வேறொருவரிடம் போயிருக்கலாம் என்று அர்த்தம். அந்த ஓடிபியை எங்கும் இடக் கூடாது. கார்டின் பின்புறமுள்ள எண்ணில் வங்கியை உடனே அழைத்துச் சொல்ல வேண்டும்.

## ஒரு ஸ்கிரீன்ஷாட்டை எந்த வரிசையில் பார்ப்பது

1. முழுப் படமா, மேற்பகுதி வெட்டப்பட்டதா? வெட்டப்பட்டிருந்தால் முழுதாகக் கேளுங்கள்.
2. அனுப்புநர் மொபைல் எண்ணா, மின்னஞ்சலா? இரண்டில் ஒன்று என்றால் போலி. வங்கிப் பெயர் என்றால் ஒன்றும் முடிவாகவில்லை, மேலே போகலாம்.
3. லிங்க் இருந்தால் முதல் `/` வரை வெட்டி, வலமிருந்து படியுங்கள். சொந்தக்காரர் வங்கி இல்லை, முகவரியும் வங்கியின் பெயரைப் போர்த்திக்கொண்டிருக்கிறது என்றால் போலி.
4. நடந்ததைச் சொல்கிறதா, நடக்கப்போவதைச் சொல்லி எதையாவது செய்யச் சொல்கிறதா?
5. ஓடிபி என்றால், எதற்கான ஓடிபி என்று எழுதியிருக்கிறது?

இதையெல்லாம் தாண்டி வந்த செய்தி இன்னும் "சொல்ல முடியாது" என்ற நிலையில்தான் இருக்கிறது. அதற்குப் பதில் படத்துக்கு வெளியே கிடைக்கும். வங்கியின் செயலியை நேரடியாகத் திறந்து, சொல்லப்பட்ட பரிவர்த்தனையோ அறிவிப்போ அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கார்டிலுள்ள எண்ணை அழைத்துக் கேளுங்கள்.

படத்தை மற்றவர்களுக்கு அனுப்புவதற்கு முன்னால் இன்னொன்றையும் செய்துவிடுங்கள். இப்போதைய பல போன்கள் படத்திலுள்ள எழுத்தையும் அடையாளம் காண்கின்றன. ஸ்கிரீன்ஷாட்டில் தெரியும் முகவரியை அழுத்தினால் அது லிங்க்காகவே திறக்கக்கூடும். ஆகவே எச்சரிக்கைக்காகப் பகிரும் படத்தில் முகவரியின் நடுவில் தடித்த ஒரு கோடு இழுத்து உடைத்துவிட்டு, "போலி" என்ற சொல்லைப் படத்தின் மேலேயே பெரிதாக எழுதுங்கள். படத்துக்குக் கீழே எழுதினால், அடுத்த குழுவுக்குப் போகும்போது அந்த வரி கழன்றுபோய் படம் மட்டும் பயணிக்கும்.